வாடகை ஃபிளாட்டில் ஆரி வேலை: கேள்வி பதில்

அழகாபுரத்திலிருந்து: அக்கா, கழுத்துக்கும் கைக்கும் ஆரி போட்டு, தைச்சும் கொடுத்து 1500 வாங்குறேன். கையில ஒண்ணும் நிக்கலை. என்ன தப்பு?

டிசைனைப் பார்த்து விலை சொல்றீங்க, அதான். இஞ்சுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு முதல்ல பாருங்க. அதே டிசைனை வேஸ்ட் துணியில 4 இஞ்சு போட்டு, போன்ல நேரம் வையுங்க. 48 நிமிஷம் ஆச்சுன்னா இஞ்சுக்கு 12 நிமிஷம்.

முன், பின் கழுத்து சேர்த்து 28 இஞ்சு, ரெண்டு கையும் 22 இஞ்சுன்னு வெச்சா மொத்தம் 50 இஞ்சு. அதுக்கே 10 மணி நேரம். 30 புட்டா, ஒண்ணுக்கு 4 நிமிஷம்னா 2 மணி நேரம். ட்ரேஸ் எடுக்க, கட்டில்ல துணி இழுத்துக் கட்ட, கடைசியில நூல் முடிச்சு வெட்ட இன்னொரு 2 மணி நேரம். ஆக 14. மணிக்கு 70 ரூபாய் போட்டாலே கூலி 980. ஜரி, மணி, கல்லு 350, தையல் கூலி 500, கரண்ட்டும் போக்குவரத்தும் 100. மொத்தம் 1930. 1500-க்குக் கொடுத்தா உங்க கூலி 550 ஆயிடுது, மணிக்கு 40 ரூபாய்கூட தேறாது.

விலையை ஏத்தினா ஆள் போயிடும்னு பயமா இருந்தா புட்டாவைக் குறைங்க, கழுத்து பார்டரை ஒடுக்குங்க. கூலியைக் குறைக்காதீங்க.

சூரமங்கலத்திலிருந்து: ஆரி போட்ட பிளவுஸைத் தைக்கறப்ப மெஷின் ஊசி உடையுது. நல்ல கம்பெனி ஊசிதான் போடறேன்.

ஊசி மேல குத்தம் இல்லைங்க. தையல் ஓடுற கோட்டு மேலயே மணி இருக்கு. ஊசி மணியில பட்டா உடையும், இல்லைன்னா மணி நொறுங்கி அந்த இடத்துல நூல் அவிழும். துணியை வெட்டறதுக்கு முன்னாடியே கழுத்துக் கோட்டை அளவெடுத்து வரைஞ்சுட்டு, கோட்டுல இருந்து கால் இஞ்சு உள்ளே தள்ளி வேலையை ஆரம்பிங்க. ஏற்கெனவே போட்டு முடிச்சதுன்னா, கோட்டுல இருக்கற மணியை மட்டும் கட்டிங் பிளையர்ல நசுக்கி எடுங்க, நூலை வெட்டாம. அப்புறம் ஒத்தைப் பக்க ஃபுட் மாட்டித் தையுங்க.

ஐந்து ரோட்டிலிருந்து: சிறுதொழிலுக்கான அரசாங்க உத்யம் பதிவு பண்ணிட்டா வீட்டு ஓனர்கிட்ட சொல்லவே வேண்டாம்தானே? என் மனைவிக்காகக் கேக்கறேன்.

அப்படி இல்லைங்க. உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, ஆதாரை வெச்சு udyamregistration.gov.in-ல நீங்களே போட்டுக்கலாம். பேங்க்ல கடன் கேக்கறப்ப உதவும். ஆனா அது வீட்டு வாடகை ஒப்பந்தத்தை மாத்தாது. ஒப்பந்தத்துல ‘குடியிருப்புக்கு மட்டும்’னு இருந்தா ஓனர் ஆட்சேபிக்கலாம்.

அவருக்கு உண்மையான பயம் கரண்ட் பில்லுதான். இணைப்பு அவர் பேர்ல இருக்கு. அனுமதிச்ச பயன்பாட்டுக்கு மாறா மின்சாரம் எடுத்தா, 2003 மின்சாரச் சட்டத்தோட 126-வது பிரிவுல ரெண்டு மடங்கு கட்டணம் வசூலிக்க இடமிருக்கு. போர்டு மாட்டாம, ஆள் வைக்காம, ஒரு மெஷின் ஓட்டறதை எல்லாம் அதுல சேர்ப்பாங்களான்னா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க ஏரியா மின் வாரியப் பிரிவு அலுவலகத்துல உதவிப் பொறியாளரை நேர்ல கேட்டுட்டு, அப்புறம் ஓனர்கிட்ட பேசுங்க.

அஸ்தம்பட்டியிலிருந்து: நானும் ஃபிளாட்லதான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கறதா இருக்கேன். அந்த கரண்ட் பில் எனக்கும் வருமா?

மேல பேசினது கை ஆரியும் ஒரு தையல் மெஷினும்தான், உங்களது வேற கணக்கு. அதுல கரண்ட்டை விட அதிர்வுதான் உங்களுக்கு முதல் தொந்தரவு, கீழ் வீட்டுக்காரர் ரெண்டாம் நாளே மேல வருவார். சுவர்ல ஒட்டாம ஒரு கை அகலம் தள்ளி, கால்களுக்கு அடியில தடிப்பான ரப்பர் மேட் போட்டாக் குறையும், நிக்காது. சாயங்காலத்துக்கு மேல ஓட்டாதீங்க.

ஏற்காட்டிலிருந்து: மழை, மூட்டம் இருக்கற மாசத்துல ஜரி கறுத்துப் போகுது. கல்லும் உதிருது. ரெண்டும் ஒரே காரணமா அக்கா?

ஈரம்தான் ரெண்டுக்கும், ஆனா வேற வேற வழியில. செம்பு, வெள்ளிக் கம்பி சுத்தின ஜரி ஈரக் காத்துல கறுக்கும். பிளாஸ்டிக் ஜரி கறுக்காது. ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்க: உருகிக் குமிழா நின்னா பிளாஸ்டிக், மெல்லிய கம்பி மிஞ்சினா உலோகம். உலோக ஜரி கண்டை முழுசா வெளியே வைக்காம, தேவையானதை மட்டும் எடுத்து, மிச்சத்தை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட இறுக்கமான டப்பாவுல போடுங்க. முடிச்ச பிளவுஸைப் பருத்தித் துணியில சுத்துங்க. ஈரத்தோட பாலிதீன்ல அடைச்சா இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

கல்லு விஷயம் பசை. கீழ சேலத்துல வெயில்ல காயற வேகம் அங்கே வராது. ஒட்டிட்டு ஒரு நாள் முழுக்கக் கட்டில்லயே விடுங்க. நகத்தால லேசா நெம்பிப் பாருங்க, நகர்ந்தா இன்னும் காயலை. பெரிய கல்லைச் சுத்தி ஒரு வரிசை சங்கிலித் தையல் போட்டுட்டா பசை விட்டாலும் கல்லு போகாது.