600 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா, 1000 வாட் வாங்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் ரைசன் 7 5800எக்ஸ் இருக்கிறது. தெரிந்தவரிடமிருந்து ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வாங்கப் போகிறேன். என் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 600 வாட் என்று இருக்கிறது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்குக் கீழே 38 ஆம்பியர். கார்டின் பெட்டி 750 வாட் கேட்கிறது. கடையில் 1000 வாட் எடுங்கள் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: மூவரையும் விட்டுவிட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள். உங்கள் 600 வாட் போதாது. தரமான 750 வாட் போதும். 1000 வாட்டுக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

முதலில் அந்த ஸ்டிக்கரைப் பார்ப்போம். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 38 ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் 456 வாட். பெட்டியில் போட்ட 600இல் மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிக் கணக்கைச் சரிசெய்திருக்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கு அங்கே அவ்வளவு தேவையே இல்லை. ஆகவே உங்கள் கையில் இருப்பது 456 வாட் சப்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செலவு. 5800எக்ஸ் பெட்டியில் 105 வாட் என்று இருக்கும், ஆனால் ஏஎம்டி அதற்கு அனுமதிக்கும் மின்வரம்பு 142 வாட். 3080க்கு 320 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 80 வாட் தாராளமாக வைக்கலாம். மொத்தம் ஏறக்குறைய 540 வாட். கேம் ஓடும்போது பிராசசர் 142ஐத் தொடுவது அரிது. இருந்தாலும் வீடியோ ரெண்டரிங் மாதிரி இரண்டும் சேர்ந்து உழைக்கும் நேரத்தை நினைத்து இந்த எண்ணையே எடுப்போம்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். 320 வாட் என்பது சராசரி. காட்சி மாறும் நொடியில் 3080 சில மில்லிசெகண்டுகளுக்கு ஒன்றரை மடங்கு வரை, அதாவது 480 வாட் பக்கம் எகிறும். அந்தக் கூடுதல் 160ஐச் சேர்த்தால் உச்சம் 700. வேகம் காரணமாக சாதாரண வாட் மீட்டரில் இது தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று பார்த்துவிடும், பார்த்ததும் அணைத்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, கார்டுக்கான 16 பின் இணைப்போடு வரும் 450 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளைகள் 100 மைக்ரோசெகண்டுக்கு இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது. 750 வாட்டில் அப்படி ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள்.

உச்சத்துக்குமேல் தனியாக இன்னொரு பெரிய இடைவெளி வேண்டாம். அது கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை. தொடர்ந்து ஓடும் 540க்குத்தான் இடைவெளி வேண்டும்: 750இல் அது 72 சதவீதம். சித்திரை வெயிலில் கேபினெட்டுக்குள் ஏறும் சூடு, வருடங்கள் போகப்போக கெபாசிட்டர் தளர்வது, ஃபேன் சத்தம், இவற்றுக்கு அந்த மிச்சம் போதும். வாங்கும்போது ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 60 ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 80 ப்ளஸ் கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை. திடீர் எகிறலைத் தாங்குமா என்பதை அது சொல்லாது.

பழைய சப்ளையிலேயே கார்டை மாட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே மாட்டியிருந்தால், நீலத் திரைகூட வராமல் விளையாட்டின் நடுவே பட்டென்று அணைவதுதான் அடையாளம். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் Kernel-Power 41 என்று பதிவாகியிருக்கும். அது முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்லும், காரணம் சொல்லாது. உறுதிசெய்ய, கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து கார்டின் வரம்பைக் குறையுங்கள்:

```
nvidia-smi -pl 220
```

அதன் பிறகு அதே கேம் அணையாமல் ஓடினால் சந்தேகம் சப்ளைமேல்தான். இது சோதனைக்கு மட்டும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் பழைய வரம்பு திரும்பிவிடும்.

புதியதை மாட்டும்போது, கார்டுக்குப் போகும் 8 பின் இணைப்புகளுக்குத் தனித்தனி கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டை முனையை இவ்வளவு இழுக்கும் கார்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம், வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதையும் பாருங்கள். 540 வாட் கொடுக்க எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 600 வாட் அளவுக்கு இழுக்கும். வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவதோ பெரும்பாலும் 360 வாட்தான். கரண்ட் போன மறுநொடி அதுவும் கையை விரித்துவிடும்.