மூன்றுக்கு ஒன்று என்றால் 33 சதவீதமா?

கேள்வி: எங்கள் கரையில் பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. நான்கு படகு. நீலப் பாய்க்கு ஒன்றுக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டுக்கு ஒன்று, வெள்ளைக்கு மூன்றுக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஐந்துக்கு ஒன்று என்று ஒருவர் பந்தயம் பிடித்தார். வெள்ளை ஜெயிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, அதாவது 33 சதவீதம் என்றேன். மச்சான் 25தான் என்று அடித்துப் பேசுகிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: மச்சான் சொல்லும் கணக்குதான் சரி. ஆனால் அவரும் பாதி வழியிலேயே நின்றுவிட்டார். வெள்ளைப் பாய்க்கு உண்மையில் 25 சதவீதம் வாய்ப்பு இருப்பதாக அந்தப் பந்தயக்காரரே நினைக்கவில்லை.

முதலில் உங்கள் 33. மூன்று பங்கு தோற்கும் பக்கம், ஒரு பங்கு ஜெயிக்கும் பக்கம், ஆக மொத்தம் நான்கு பங்கு. நீங்கள் அந்த ஒன்றை மூன்றால் வகுத்துவிட்டீர்கள், நான்கால் வகுத்திருக்க வேண்டும். இந்தக் குழப்பம் திரும்ப வராமலிருக்க, எண்களை மறந்துவிட்டுப் பணத்தைப் பாருங்கள். வெள்ளையில் 100 ரூபாய் கட்டுகிறீர்கள், அது ஜெயித்தால் லாபம் 300, அதோடு நீங்கள் கட்டிய 100 திரும்பி வரும், கையில் மொத்தம் 400. கட்டியதைக் கைக்கு வருவதால் வகுங்கள்: 100 / 400, கால் பங்கு, 25 சதவீதம். நீலப் பாய்க்கு 100 கட்டினால் கைக்கு 200, அது 50 சதவீதம். சிவப்புக்கு 300 வரும், அது 33.3. மஞ்சளுக்கு 600, அது 16.7. சில இடங்களில் தலைகீழாக ‘ஒன்றுக்கு மூன்று’ என்பார்கள், அதாவது 300 கட்டினால்தான் 100 லாபம். அங்கேயும் இதே வகுத்தல்தான், 300 / 400, முக்கால் பங்கு.

ஒன்றை மட்டும் அவரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும்: “நான் கட்டுகிற நூறு அந்த முந்நூறுக்குள்ளேயா, வெளியேயா?” குதிரைப் பந்தய வழக்கத்தில் அது வெளியேதான். ஆனால் ஊரில் பேச்சுவாக்கில் நடக்கும் பந்தயத்தில் ‘நூறு போட்டா முந்நூறு’ என்று சொல்லி, உங்கள் நூறையும் சேர்த்தே முந்நூறைக் கையில் வைக்கிற ஆட்கள் உண்டு. அப்படியென்றால் அது உண்மையில் இரண்டுக்கு ஒன்று, அப்போது உங்கள் 33 சரியாகிவிடும். அதனால் உங்களுக்கு மகிழ வேண்டிய காரணம் எதுவும் இல்லை; அதே படகுக்கு உங்களுக்குக் கிடைக்கும் பணம் 100 ரூபாய் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, இப்போது மச்சானுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான்கு படகின் சதவீதத்தையும் கூட்டுங்கள். 50, 33.3, 25, 16.7. மொத்தம் 125 வருகிறது. நான்கில் ஏதோ ஒன்றுதான் முதலில் வரப்போகிறது, அப்படியிருக்க வாய்ப்புகளின் கூட்டல் 100ஐத் தாண்டவே கூடாது. மிச்சமுள்ள 25தான் பந்தயக்காரரின் பிழைப்பு.

இது எப்படிப் பணமாகிறது என்று பாருங்கள். நீலத்தில் 300, சிவப்பில் 200, வெள்ளையில் 150, மஞ்சளில் 100 என்று நான்கு பேர் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கு வந்தது 750. நீலம் ஜெயித்தால் 300க்கு இரண்டு மடங்காக 600 கொடுக்க வேண்டும். சிவப்பு ஜெயித்தால் 200க்கு மூன்று மடங்கு, அதுவும் 600. வெள்ளை ஜெயித்தால் 150க்கு நான்கு மடங்கு, மஞ்சள் ஜெயித்தால் 100க்கு ஆறு மடங்கு, எல்லாமே 600தான். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும், எந்தப் பாய் கிழிந்தாலும், 150 ரூபாய் அவர் மடியில். அவர் கடலைப் பார்க்கவே தேவையில்லை.

இந்த 125ஐ 100க்குச் சுருக்கினால்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். வெள்ளையின் 25ஐ 125ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம். ஐந்தில் ஒரு முறை ஜெயிக்கும், நான்கு முறை தோற்கும் என்கிற படகுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டியது நான்குக்கு ஒன்று. அவர் கொடுப்பதோ மூன்றுக்கு ஒன்று. இதே நிலவரத்தில் திரும்பத் திரும்ப 100 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால், சராசரியாக ஒவ்வொரு நூறுக்கும் 80 ரூபாய்தான் திரும்பும்.

இந்த 20கூட, அவர் தன் லாபத்தை நான்கு படகின் மேலும் ஒரே விகிதத்தில் ஏற்றியிருந்தால் வருகிற எண்தான். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை, ஜெயிக்க வாய்ப்புக் குறைந்தவற்றின் மேல்தான் அதிகமாக ஏறும். கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949இல் அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்து, ஜெயிக்காது என்று கருதப்படும் குதிரைகள்மேல் மக்கள் தேவைக்கு மேல் பணம் கட்டுகிறார்கள் என்று காட்டினார். பிறகு பலரும் பல நாடுகளில் இதையே கண்டார்கள். ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று பெரிய எண்ணைக் கேட்டால் ஆசை வந்துவிடுகிறது. ஆக மஞ்சளின் 16.7ஐச் சுருக்கி 13.3 என்று போட்டால், அதுவும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த எண்கள் படகைப் பார்த்து மட்டும் போடப்படுவதில்லை. வெள்ளைப் பாய் உங்கள் ஊர்ப் படகு என்று வையுங்கள், தெருவே திரண்டு வந்து அதில் கட்டுகிறது. உடனே அவர் மூன்றுக்கு ஒன்றை இரண்டுக்கு ஒன்றாக இறக்கிவிடுவார், ஏனென்றால் அது ஜெயித்தால் கொடுக்க வேண்டிய பணம் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் வகுத்தல் இப்போது 25க்குப் பதிலாக 33.3 காட்டும். படகு அதே படகுதான், பாய் பிடிக்கிற ஆட்களும் அவர்களேதான். பணம் எந்தப் பக்கம் குவிந்தது என்பதைத்தான் அந்த எண் சொன்னது.

அப்படியானால் அந்த 25க்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. அது ஒரு வரம்பு. வெள்ளை 25 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கும் என்று உங்களுக்கு உறுதியான காரணம் இருந்தால் மட்டுமே மூன்றுக்கு ஒன்று உங்களுக்கு லாபம், அதற்குக் கீழே என்றால் நஷ்டம். அன்றைக்கு வாடை நிற்குமா கொண்டல் திரும்புமா, யார் பலகையில் உட்காரப்போகிறார்கள் என்றெல்லாம் வடகடலில் தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்கலாம்தான். ஆனால் பந்தயம் பிடிப்பவரும் அதே கரைக்காரர், அவருக்கும் அது தெரியும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, மேலே போட்ட கணக்கெல்லாம் அவர் சொன்னபடி பணம் கொடுப்பார் என்று நம்பிப் போட்டது. கொடுக்காவிட்டால் கேட்க உங்களுக்கு வழியில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. அவர் ஐந்தில் ஒரு முறை கையை விரிப்பவர் என்றால், உங்களுக்கு வர வேண்டிய 400 சராசரியாக 320 ஆகிவிடுகிறது. அப்போது நூறுக்கு நூறாவது திரும்பி வரவே வெள்ளை 31 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க வேண்டும்.