அக்டோபர் 3-க்குள் எவ்வளவு கட்டினால் வாராக் கடன் ஆகாது?

“வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறேன். மாதத் தவணை 21,000 ரூபாய், 5-ஆம் தேதி கட்ட வேண்டும். வேலை போய்விட்டதால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தவணைகள் நின்றுவிட்டன. அக்டோபர் தொடக்கத்தில் கணக்கு வாராக் கடனாகிவிடும், வீடு ஏலத்துக்கு வரும் என்கிறார் மேலாளர். கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது. புதிய வேலையில் நவம்பர் முதல் சம்பளம் வரும். நான் என்ன செய்வது?”

மேலாளர் சொன்னதில் முதல் பாதி சரி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கட்டாத தவணைகளில் மிகப் பழையது எதுவோ, அதன் கெடு தேதியிலிருந்துதான் நாள்கள் ஓடுகின்றன. உங்களுக்கு அது ஜூலை 5. அன்று இரவு வங்கிக் கணினி நாள் கணக்கை முடித்தபோதே தவணை நிலுவையாகிவிட்டது. ஆகஸ்ட் 4-இல் 30 நாள், செப்டம்பர் 3-இல் 60 நாள், அக்டோபர் 3-இல் 90 நாள். அன்று இரவுக் கணக்கு முடியும்போது பணம் வந்திருக்காவிட்டால் உங்கள் கணக்கு வாராக் கடன். மேலாளர் வாய்மொழியாகத் தரும் அவகாசம் எதுவும் இந்த எண்ணிக்கையை நிறுத்தாது.

ஆனால் பழைய தவணையிலிருந்துதான் எண்ணுகிறார்கள் என்பதே உங்களுக்கு வழியும் விடுகிறது. ஜூலைத் தவணையை மட்டும் முழுமையாகக் கட்டிவிட்டால், மிகப் பழைய நிலுவை ஆகஸ்ட் 5-க்கு நகரும். 90-ஆம் நாள் நவம்பர் 3 ஆகிவிடும். 21,000 ரூபாயில் ஒரு மாதம் கிடைக்கிறது. அக்டோபர் 3-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. வாராக் கடனான கணக்கை மீண்டும் சீரான கணக்காக்க, நிலுவை முழுவதையும் கட்டியாக வேண்டும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அக்டோபர் 5-க்குப் பின் அது நான்கு தவணை, அதாவது 84,000 ரூபாய், கட்டணங்கள் தனி. அதே வங்கியில் உங்களுக்கு வேறு கடன் இருந்தால், அதை ஒழுங்காகக் கட்டிவந்தாலும் அதுவும் வாராக் கடனாகும். வகைப்பாடு கடனாளியைப் பொறுத்தது, கணக்கைப் பொறுத்ததல்ல.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் கட்டும் 21,000 ரூபாயிலிருந்து தாமதக் கட்டணத்தை வங்கி முதலில் கழித்துக்கொண்டால், ஜூலைத் தவணையில் சில நூறு ரூபாய் குறைந்து நிற்கும், தேதி நகராது. ஆகவே முதலில் கடன் கணக்கு அறிக்கையை வாங்கிக் கட்டணங்களைப் பாருங்கள். தவணையுடன் அவற்றையும் சேர்த்து, சேமிப்புக் கணக்கில் அல்ல, கடன் கணக்கிலேயே செலுத்துங்கள். ‘இத்தொகை ஜூலை 5 தவணைக்கானது’ என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அக்டோபர் 2 விடுமுறை. செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது. மீதிப் பணத்தை ஆகஸ்ட் தவணையில் அரைகுறையாகப் போடுவதால் தேதி நகராது. அதை வைத்திருந்து, நவம்பர் 3-க்குள் ஆகஸ்ட் தவணையை முழுதாகக் கட்டப் பாருங்கள். சம்பளம் அதற்குள் கைக்கு வராது என்றால் இந்தக் குறையை வேறு வழியில் புரட்டியே ஆக வேண்டும்.

கடனை மறுசீரமைக்கச் சொல்லலாமா என்று நண்பர்கள் கேட்கச் சொல்வார்கள். உங்கள் நிலையில் நான் அவசரப்பட மாட்டேன். பணக் கஷ்டத்துக்காகத் தவணையையோ காலத்தையோ மாற்றினால், சீராக இருந்த கணக்கும் பொதுவாக அப்போதே வாராக் கடன் வகைக்கு இறக்கப்படும். சம்பளம் வரும் நாள் தெரிந்தவருக்கு அது தேவையற்ற விலை. வருமானம் நிரந்தரமாகக் குறைந்தவருக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

எல்லாம் தவறி வாராக் கடனானாலும், மறுநாளே வீட்டை ஏலம் விட முடியாது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 13(2) பிரிவில் வங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். வாராக் கடனாகாத கணக்குக்கு இந்த நோட்டீஸே அனுப்ப முடியாது. நோட்டீஸ் வந்தால் அதில் வாராக் கடனான தேதியைப் பாருங்கள். நீங்கள் பணம் கட்டிய பிறகும் அக்டோபர் 3 என்று இருந்தால், முத்திரை வாங்கிய அந்த நகலை இணைத்து 13(3ஏ) பிரிவின்கீழ் ஆட்சேபம் அனுப்புங்கள். வங்கி 15 நாளில் காரணத்துடன் பதில் தர வேண்டும். 60 நாளில் பணம் கட்டப்படாவிட்டால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். அதற்கெதிராக 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்டு நாள்களை வீணாக்காதீர்கள், அந்தக் கதவைச் சட்டமே மூடியிருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்தபின் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வீட்டை விற்கவும் முடியாது. முழுக் கடனையும் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள்வரைதான். 2016 திருத்தத்துக்கு முன்பு ஏலம் முடியும்வரை அவகாசம் இருந்தது. இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கும் சிலரை அவ்வப்போது பார்க்கிறேன்.