தீக்குச்சிப் போக்கரில் யாரும் சீட்டைக் கவிழ்க்காவிட்டால்?

“நாங்கள் ஐந்து பேர். எனக்கு மட்டும்தான் போக்கர் தெரியும். மற்றவர்களுக்கு வீட்டில் தீக்குச்சி வைத்து டெக்சாஸ் ஹோல்டெம் சொல்லிக்கொடுக்கிறேன். எது பெரிய கை, எது சின்னக் கை என்பது பிடிபட்டுவிட்டது. ஆனால் பாட் ஆட்ஸ் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறார்கள். பிளஃப் பண்ணினால் ‘குச்சிதானே’ என்று எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?”

பெரிய சீட்டு இருப்பதுபோல் பந்தயம் வைத்து மிரட்டும் பிளஃபைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்க்க வேண்டுமென்றால், உள்ளே வர என்ன விலை கொடுக்கிறோம் என்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலையே தெரியாதவரிடம் பிளஃப் எடுபடாது. அதனால் பாட் ஆட்ஸ்தான் முதல் பாடம். அதற்கு வகுத்தல் கணக்கு வேண்டாம். குச்சிகளை மேஜையில் அடுக்கத் தெரிந்தால் போதும்.

எல்லாருடைய பந்தயமும் சேரும் இடம்தான் பாட். அதில் குச்சிகள் குவியலாகக் கிடப்பதுதான் உங்கள் மேஜையில் முதல் கோளாறு. குவியலைப் பார்த்தால் ‘நிறைய இருக்கிறது’ என்று மட்டும்தான் தோன்றும். இப்படிச் செய்து பாருங்கள். பாட்டில் 4 குச்சி இருக்கிறது, எதிராளி 2 குச்சி பந்தயம் வைக்கிறார். உள்ளே வர வேண்டியவர் தன்னுடைய 2 குச்சியைக் கையில் எடுத்துத் தன் முன்னால் ஒரு வரிசையாக வைக்கட்டும். இனி நடுவில் இருக்கும் ஆறையும் அதே அளவு வரிசைகளாக, வரிசைக்கு இரண்டாக அடுக்கச் சொல்லுங்கள். நடுவில் மூன்று வரிசை, தன்னுடையது ஒன்று, ஆக நாலு வரிசை. நாலு முறை இப்படி உள்ளே வந்து ஒரே ஒரு முறை ஜெயித்தால் போட்டது திரும்பி வந்துவிடும் என்று அர்த்தம். அதைவிட அடிக்கடி ஜெயிக்கிற சீட்டு என்றால் உள்ளே வரலாம், இல்லையென்றால் கவிழ்க்கலாம். பாட் ஆட்ஸ் என்பது இவ்வளவுதான்.

இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். நம்பவைக்க ஒரு கையைத் திறந்து வைத்து ஆடுங்கள். கற்பவரிடம் ஸ்பேட் 8, ஸ்பேட் 7. எதிராளியிடம் ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஜாக்கி. மேஜையில் இருவருக்கும் பொதுவாக நாலு சீட்டு: ஸ்பேட் ராஜா, டைமன் ராணி, ஸ்பேட் 4, ஆர்ட்டின் 2. எதிராளிக்கு ஜோடி ராஜா வந்துவிட்டது. கற்பவருக்குக் கடைசிச் சீட்டு, அதாவது ரிவர், ஸ்பேடாக வந்தால் ஐந்து சீட்டும் ஒரே ஜாதி, அதாவது ஃபிளஷ். வேறு எது வந்தாலும் தோல்விதான். 52 சீட்டில் எட்டு வெளியே வந்துவிட்டது. மிச்சம் 44, அதில் ஸ்பேட் 9.

இப்போது அந்த 44 சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரிவர் என்று வைத்துக்கொண்டு. ஸ்பேட் வந்தால் கற்பவர் நடுவிலிருந்த 6 குச்சியை லாபமாக எடுத்துக்கொள்ளட்டும். வேறு எது வந்தாலும் உள்ளே வரப் போட்ட 2 குச்சி போயிற்று. கட்டு முடியும்போது ஸ்பேடில் வந்தது 54, மற்றதில் போனது 70. நிகரமாக 16 குச்சி நஷ்டம். கட்டு முழுவதையும் திருப்புவதால் ‘இன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம் இல்லை’ என்று சொல்லவும் வழியில்லை. எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் அதே 16தான்.

அடுத்து பந்தயத்தை மட்டும் மாற்றுங்கள். பாட் அதே 4, எதிராளி வைப்பது 1. உள்ளே வர 1, நடுவில் 5. மறுபடி 44 சீட்டையும் திருப்பினால் வந்தது 45, போனது 35. இந்த முறை 10 குச்சி லாபம். சீட்டு மாறவில்லை, விலைதான் மாறியது. ‘ஃபிளஷுக்கு ஒரு சீட்டு பாக்கி, விடுவேனா’ என்று எப்போதும் உள்ளே வருகிறவருக்கு அரை மணி நேர விளக்கத்தைவிட இந்த இரண்டு சுற்று உறைக்கும்.

நிஜ ஆட்டத்தில் எதிராளியின் சீட்டு தெரியாது. அதனால் தெரியாதது 46, அதில் 9, சுமாராக ஐந்தில் ஒன்று. வரிசைக் கணக்கில் சொன்னால், ஒரு சீட்டு பாக்கி இருக்கும்போது ஃபிளஷுக்குத் துரத்த ஐந்து வரிசைக்கு மேல் வேண்டும். ஐந்து சீட்டு வரிசையாக வருவது ஸ்ட்ரெயிட்; இரண்டு முனையிலும் திறந்திருக்கிற ஸ்ட்ரெயிட்டுக்கு ஆறு. நடுவில் ஒரு சீட்டு மட்டும் இல்லாத ஸ்ட்ரெயிட்டுக்குப் பன்னிரண்டு. அத்தனை வரிசை அடுக்க அநேகமாக மேஜையில் குச்சியே இருக்காது. இந்த மூன்று எண் போதும். ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிட இரண்டாலும் நாலாலும் பெருக்குகிற குறுக்குவழி எல்லாம் பிறகு தானாக வரும். முதல் மாதத்தில் அதைச் சொல்லிக்கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

வரிசை அடுக்குவது கைப்பழக்கமான பிறகு பிளஃப். ஐந்து பேரையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்காதீர்கள். இரண்டு பேர், மூன்றே சீட்டு: ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி. 1950இல் ஹெரால்டு குன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஆட்டக் கோட்பாட்டை விளக்க அமைத்த குட்டிப் போக்கர் இது. அதில் இரண்டு பேருமே பந்தயம் வைக்கலாம். புதியவர்களுக்காக அதையும் சுருக்கி, ஒருவர் மட்டும் வைக்கலாம் என்று ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 1 குச்சி பாட்டில், ஆளுக்கு ஒரு சீட்டு. முதலாமவர் 1 குச்சி பந்தயம் வைக்கலாம், இல்லையென்றால் அப்படியே சீட்டைக் காட்டலாம். பந்தயம் வைத்தால் இரண்டாமவர் 1 குச்சி போட்டு உள்ளே வரலாம், அல்லது கவிழ்க்கலாம். பெரிய சீட்டுக்கு பாட். பத்துக் கைக்கு ஒருமுறை இடம் மாறுங்கள், ஏனென்றால் பந்தயம் வைக்கிறவர் பக்கம் கொஞ்சம் ஆதாயம் உண்டு.

ஆடிப் பார்த்தால் சிக்கல் ஒரே இடத்தில்தான் என்பது சீக்கிரம் தெரியும். இரண்டாமவரிடம் ராஜா இருந்தால் யோசனையே இல்லை, உள்ளே வருவார். ஜாக்கி இருந்தால் கவிழ்ப்பார். ராணி இருந்தால்தான் திண்டாட்டம். எதிரில் இருப்பது ராஜாவா, பொய் சொல்லும் ஜாக்கியா? வரிசை அடுக்கினால் நடுவில் 3, தன்னுடையது 1, மறுபடியும் நாலு வரிசை. எதிராளியின் நாலு பந்தயத்தில் ஒன்றாவது பொய்யாக இருந்தால்தான் உள்ளே வருவது கட்டுப்படியாகும்.

இதை வைத்து முதலாமவர் எத்தனை பொய் சொல்லலாம் என்பதையும் கண்டுபிடிக்கலாம். ராஜா வந்தால் எப்போதும் பந்தயம், ஜாக்கி வந்தால் மூன்றில் ஒரு முறை பந்தயம். அப்போது நாலு பந்தயத்தில் சரியாக ஒன்று பொய். ராணி வைத்திருப்பவர் என்ன செய்தாலும் அந்த இடத்தில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஜாக்கிக்கு எப்போதுமே பந்தயம் வைக்கிறவரை ராணிக்காரர் எப்போதும் உள்ளே வந்தே காலி பண்ணிவிடலாம்: ராஜாவிடம் 1 போகும், ஜாக்கியிடம் 3 வரும். ஒரு பொய்யும் சொல்லாதவர் பந்தயம் வைத்தால் ராணியைக் கவிழ்த்துவிட்டால் போதும், அவருடைய ராஜாவுக்கு மேற்கொண்டு ஒன்றும் கிடைக்காது.

‘மூன்றில் ஒரு முறை’ என்று சொன்னால், புதியவர் இரண்டு தடவை விட்டு மூன்றாம் தடவை வைப்பார். அதை எதிராளி எண்ணிவிடுவார். கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது நொடியில் ஏதாவது ஒரு இருபது நொடியை மனதுக்குள் தேர்ந்துகொள்ளட்டும்; முள் அதற்குள் இருந்தால் ஜாக்கிக்குப் பந்தயம். எந்தச் சீட்டு வந்தாலும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஜாக்கி வரும்போது மட்டும் மணி பார்க்கிற ஆளைப் பிடிக்க எந்தக் கணக்கும் தேவையில்லை.

இனி பிளஃப் பண்ணுகிறவரின் வரிசை. அவர் எதிராளி போடப்போகும் குச்சியை எண்ணக் கூடாது. பாட்டில் ஏற்கனவே இருக்கும் 2 குச்சி இரண்டு வரிசை, தான் வைக்கும் 1 ஒரு வரிசை, ஆக மூன்று. மூன்று முறை பொய் சொல்லி ஒரு முறை எதிராளி கவிழ்த்தால் கைக்கு மோசமில்லை. பாட் அளவுக்கே பந்தயம் வைத்தால் இரண்டே வரிசை, பாதி முறை கவிழ்க்க வேண்டும். பிளஃப் பெரும்பாலும் பலிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் இரண்டு முறை மாட்டியதும் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த மூன்று வரிசையைக் கட்டாயம் காட்டுங்கள்.

‘குச்சிதானே’ என்ற பிரச்சினைக்கு வருவோம். பெட்டியிலிருந்து எடுக்க எடுக்க வருகிற குச்சிக்கு மதிப்பில்லை. அதனால் ஆளுக்கு 40 குச்சி, சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் போட வேண்டிய பிளைண்ட் 1, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தால் அன்றைக்கு மறுபடி தரக் கூடாது. மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதி அடுத்த ஆட்டத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். எல்லாம் போனவருக்கு 20 மட்டும். காசு தேவையில்லை, கணக்கு தொடர்கிறது என்று தெரிந்தாலே ஆட்கள் கவிழ்க்க ஆரம்பிப்பார்கள். இன்னொரு விதி: ஒரு பந்தயம் அப்போது பாட்டில் இருப்பதைத் தாண்டக் கூடாது. எல்லாக் குச்சியையும் ஒரே தள்ளில் நகர்த்தவிட்டால் புதியவர்கள் அதை மட்டும்தான் செய்வார்கள், அடுக்க வரிசையே இருக்காது. (தலை எரிந்த குச்சியைச் சேர்க்காதீர்கள். பத்து நிமிடத்தில் எல்லார் விரலும் கரி, சீட்டிலும் அடையாளம் விழும்.)

இவ்வளவுக்குப் பிறகும் பிளஃப் பலிக்கவில்லை என்றால், எத்தனை பேருக்கு எதிராகப் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் பாதி முறை கவிழ்ப்பார் என்றால், மூன்று பேரும் சேர்ந்து கவிழ்ப்பது எட்டில் ஒரு முறைதான். உங்கள் ஐவர் மேஜையில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். எதிரில் ஒருவர் மிஞ்சும்வரை பொய் வேண்டாம் என்று விதியாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அந்த ஸ்பேட் 8, 7க்கு இன்னொரு முறை வாருங்கள், இந்த முறை சீட்டை மூடிவைத்து. பாட் 4, எதிராளி ஒருவர்தான், பேச வேண்டியது கற்பவர். அவரே 2 குச்சி பந்தயம் வைக்கட்டும். வெறும் பொய்யாக இருந்தால் மூன்றில் ஒரு முறை எதிராளி கவிழ்க்க வேண்டும். ஆனால் எதிராளி உள்ளே வந்தாலும் ஐந்தில் ஒரு முறை ஸ்பேட் வந்து காப்பாற்றும். இரண்டையும் சேர்த்தால், ரிவரில் மேற்கொண்டு பந்தயம் இல்லை என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு முறை எதிராளி கவிழ்த்தாலே வைத்த குச்சிக்கு மோசமில்லை. புதியவர்கள் முழு ஆட்டத்தில் முதலில் இந்த மாதிரி பிளஃப்களை மட்டும் பண்ணட்டும். ஒன்றும் இல்லாத சீட்டை வைத்துப் பொய் சொல்வது மூன்று சீட்டு ஆட்டத்தோடு நிற்கட்டும்.