முன்கூட்டியே மீட்கப்படும் தொகுதிக்கடன்: அந்தப் பணத்தை மீண்டும் எங்கே போடுவது?

"ஐயா, நான் ஹட்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2023இல் ஒரு கம்பனி 18 வீத வட்டிக்குக் கடனாகப் பணம் திரட்டிய ஐந்து வருடத் தொகுதிக்கடனில் 10 இலட்சம் ரூபாய் போட்டேன். மூன்று வருடத்திலேயே பணத்தைத் திருப்பித் தருவதாகக் கம்பனி கடிதம் அனுப்பியிருக்கிறது. மறுக்க முடியுமா? 16 வீத வட்டி தரும் வேறொரு தொகுதிக்கடனைச் சந்தையில் 112 ரூபாய்க்கு வாங்கலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?"

வழங்கல் ஆவணத்தில் முன்கூட்டியே மீட்கும் உரிமை கம்பனிக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அம்மா, மறுக்க முடியாது. கடிதத்தில் குறித்த மீட்புத் திகதியோடு வட்டி நின்றுவிடும் என்பதால், பணத்தை வாங்காமல் வைத்திருப்பதாலும் பயனில்லை. ஆனால் அந்த நாள்வரை சேர்ந்த வட்டி கணக்கில் வருகிறதா என்பதையும், 100 ரூபாய் முகப்பெறுமதிக்கு மேல் ஏதேனும் தருவதாக ஆவணம் சொல்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள்.

2023 மார்ச்சில் 15.5 வீதமாக இருந்த வங்கிகள் ஓரிரவுக்கு வைக்கும் பணத்துக்கு மத்திய வங்கி கொடுக்கும் வட்டியான துணைநில் வைப்பு வசதி வீதம் 2024 நவம்பரில் 7.5 வீதமாகியது. மலிவாகப் புதுக்கடன் கிடைக்கும்போது, எந்தக் கம்பனியும் 18 வீதக் கடனை வைத்திருக்காது. புதிய முதலீட்டுக்கு 9 வீதம் கிடைப்பதாகக் கொண்டால், வரிக்கு முன் வருடத்துக்கு 180,000 ரூபாயாக இருந்த உங்கள் வருமானம் 90,000 ஆகிவிடும். போட்ட முதல் தொகை பாதுகாப்பாகத் திரும்பினாலும் வருமானம் பாதியாகும் இந்த நிலையையே மீள்முதலீட்டு இடர் என்கிறோம்.

தரகர் சொல்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும். அந்தத் தொகுதிக்கடனின் முகப்பெறுமதி 100 ரூபாய், அதையும் கம்பனி முன்கூட்டியே மீட்கலாம், இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, வட்டி வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 112 ரூபாய் கொடுத்து முதிர்வுவரை வைத்திருந்தால் வருட விளைவு, அதாவது போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வருமான வீதம், ஏறக்குறைய 11 வீதம். அந்தக் கணக்கைத்தான் உங்களிடம் காட்டுவார்கள். ஒரு வருடத்தில் கம்பனி அதை 100 ரூபாய்க்கு மீட்டுக்கொண்டால், உங்கள் கைக்கு வருவது வட்டி 16 ரூபாயும் முதல் 100 ரூபாயும் மட்டுமே. 112 ரூபாய்க்கு 4 ரூபாய் இலாபம் என்றால் 3.6 வீதம்தான், வங்கியின் நிலையான வைப்பே இதைவிட மேல். வட்டி வீதம் இப்படியே தாழ்ந்திருக்கும்வரை கம்பனி மீட்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். ஒரு வருடத்தில் மீட்கப்பட்டாலும் 9 வீதம் கிடைக்க வேண்டுமானால், கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை சுமார் 106 ரூபாய். ஆகவே 112 ரூபாய்க்கு வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

வாங்குமுன் தரகரிடம் முதலாவது மீட்புத் திகதியையும், அந்தத் திகதிவரையான விளைவையும் எழுத்தில் கேளுங்கள். அதைத் தராமல் 16 வீதத்தையே திரும்பத் திரும்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். கையில் வரும் 10 இலட்சத்தை ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என மூன்று நிலையான வைப்புகளாகப் பிரித்துப் போட்டால், முழுத் தொகைக்கும் ஒரே நாளில் புதிய வட்டி தேட வேண்டியிராது.