பந்தியில் பிள்ளை வளர்ப்பைப் பேசிவிட்டால்: கேள்வி பதில்

தேவகோட்டை வாசகி: புதுமை விசேஷ வீட்டுப் பந்தியில் என் வீட்டுக்காரரின் அயித்தை, முப்பது பேர் முன்னால், "மூணு வயசுப் பிள்ளைக்கு இன்னும் ஊட்டி விடுற, நீதான் கெடுத்து வச்சிருக்க" என்றார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். என்ன சொல்லியிருக்கலாம்?

இரண்டே வாக்கியம் போதும். "கேட்டுக்கிட்டேன் அயித்தை. பிள்ளை முன்னாடி மட்டும் வேண்டாம், சாயந்தரம் வளவுல உங்ககிட்ட உக்காந்து பேசுறேன்." முதல் வாக்கியம் மரியாதை, இரண்டாவது எல்லை. இரண்டுக்கும் நடுவே "ஆனா" போட்டால் முதலாவது செத்துப்போகும். சாயந்தரம் பேச முடியாது என்று தெரிந்தால் அந்தப் பாதியை விட்டுவிடுங்கள். சொல்லிவிட்டு வராமல் போனால் அடுத்த விசேஷத்தில் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

எப்படி நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். அவர்கள் பந்திப் பாயில் உட்கார்ந்திருக்க, நீங்கள் சாம்பார் வாளியோடு நின்றபடி சொன்னால், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அதட்டல் போலத்தான் கேட்கும். வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் குனிந்து, அடுத்த இலைக்காரருக்கு மட்டும் கேட்கிற அளவில் சொல்லுங்கள். முப்பது பேருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"நான் என்னத்தத் தப்பாச் சொல்லிட்டேன்?" என்பார்கள். எல்லோரும் விழுவது இங்கேதான். அது கேள்வி போல இருக்கும், விளக்கம் சொன்னால் விவாதமாகிவிடும். "தப்புன்னு சொல்லல அயித்தை, பிள்ளை முன்னாடி வேண்டாம்" என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். புதுச் சொல் எதுவும் சேர்க்காதீர்கள். மூன்றாம் முறையும் தொடர்ந்தால், "இவளுக்குக் கை கழுவி விட்டுட்டு வாரேன்" என்று பிள்ளையை இரண்டாம் கட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. உங்கள் கையில் இருக்கும் எல்லை இதுதான். அவர்கள் வாயை மூட வைக்க உங்களால் முடியாது, பிள்ளை அங்கே நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

கிளம்பும்போது அவர்களிடம் சொல்லிக்கொண்டு, விழுந்து கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போங்கள். அதை விட்டால், நீங்கள் சொன்ன நல்ல வாக்கியம் மறந்துபோய், "மருமக மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா" என்பது மட்டும் ஊர் சுற்றும்.

காரைக்குடி வாசகர்: காரணத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். என் சித்தப்பாவிடம் டாக்டர் எழுதிக் கொடுத்ததை போனில் காட்டினேன், வாயடைத்துப் போனார். அதுதானே நல்ல வழி?

பாதி சரி. தனியாக உட்கார்ந்து, அவரே கேட்டு, நீங்கள் காட்டியிருந்தால் அது நல்ல வழிதான். பத்துப் பேர் நடுவே காட்டியிருந்தால், அவர் ஒப்புக்கொண்டு வாயடைத்தாரா, தோற்று வாயடைத்தாரா? இரண்டாவது என்றால் அது இன்னொரு விசேஷத்தில் வேறு பேச்சாக வரும். கூட்டத்தில் சொல்கிற எந்தக் காரணத்துக்கும் "எங்க பிள்ளைகளெல்லாம் எந்த டாக்டரக் கேட்டு வளந்துச்சு?" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். காரணம் இல்லாத வாக்கியத்தை உடைப்பது கடினம்.

ஒரு விலக்கு உண்டு. கைக்குழந்தையின் வாயில் யாராவது தேன் தொட்டு வைக்க வந்தால், வாக்கியம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாது ஆச்சி" என்று காரணத்தைச் சொல்லியே தடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். இங்கே மரியாதை இரண்டாம் பட்சம். வருத்தப்பட்டால் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

பள்ளத்தூர் வாசகர், இப்போது பெங்களூரில்: பேசுவது என் சொந்த அம்மான். அவர் குறை சொல்வது என் மனைவியை. நான் குறுக்கே போனால் "பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடுறான்" என்பார்.

அப்படிச் சொல்லத்தான் செய்வார். இருந்தாலும் பேச வேண்டியவர் நீங்கள்தான். எந்தப் பக்கத்து உறவோ அந்தப் பக்கத்து ரத்தம் பேசினால் அது வீட்டுப் பேச்சு. உங்கள் மனைவி பேசினால் அதுவே சண்டை ஆகிவிடுகிறது.

விசேஷத்தில் வேண்டாம். அங்கே போய்ப் பக்கத்தில் நின்று, "அம்மான், முகப்புல உங்களத் தேடுறாக" என்று பேச்சை மாற்றுவது போதும் (யாராவது உண்மையிலேயே தேடினால் நல்லது). இரண்டு மூன்று நாள் கழித்து நேரில் போங்கள், முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள். "அவளுக்கு வருத்தம்" என்று தொடங்காதீர்கள், நீங்கள் தூது வந்தவர் ஆகிவிடுவீர்கள். "பிள்ளையை அடிக்கிறதில்லன்னு நாங்க ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணினது அம்மான். அதுல குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க, அவளக் கூட்டத்துல கேக்க வேண்டாம்." குறையைக் கொண்டுவர உங்களிடம் ஒரு வாசலைத் திறந்துவிடுகிறீர்கள். வழியே இல்லாமல் அடைத்தால் அவர் வேறு வழியாக வருவார்.

கண்டனூர் வாசகி: பெரியவர்களை ஒதுக்கச் சொல்லித் தருகிறீர்கள். நானும் ஒரு பெரியத்தாதான். கொழுந்தன் மகள் என்னிடமே "பிள்ளை முன்னாடி வேண்டாம்" என்றாள். நல்லதுக்குச் சொன்னது குத்தமா?

ஒதுக்கவில்லை ஆச்சி. "முன்னாடி வேண்டாம்" என்றவள் "சொல்லாதீங்க" என்று சொல்லவில்லையே. நீங்கள் நாலு பிள்ளை பார்த்த கண். அவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தீர்ப்பாகச் சொல்லாமல் பார்த்ததாகச் சொல்லிப் பாருங்கள். "நீ வளக்குறது சரியில்ல" என்றால் அவள் தன்னைக் காக்கத் தொடங்குவாள். தனியே கூப்பிட்டு, "நாலு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல, நீ கவனிச்சியா?" என்றால், காது பரிசோதனைக்கோ டாக்டரிடமோ போக அன்றைக்கே யோசிப்பாள். பெற்றவர்களும் இப்படி வருகிற பேச்சை "பிள்ளை முன்னாடி வேண்டாம்" கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடக்கூடாது.

புதுவயல் வாசகி: சொல்லியும் கேட்காமல் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுகிறார்கள்.

குரூப்பில் பதில் எழுதாதீர்கள், கும்பிடு படம்கூட வேண்டாம். அன்றைக்கே கூப்பிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகியே மறுபடி: அடுத்த வாரம் ஓர் அறுபதாம் கல்யாணம். அயித்தை வருவார்கள். அவர்கள் சொன்னது பாதி உண்மையும்தான், ஊட்டித்தான் விடுகிறேன். அதை ஒப்புக்கொண்டால் இன்னும் ஏறி மிதிப்பார்களே?

ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம், ஆளைப் பொறுத்தது. கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டாம். காலையில் இலை போடுவதற்கு முன் அவர்கள் பட்டாலையில் தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். "ஊட்டுறது நிசந்தான் அயித்தை, இப்ப கொஞ்சங் கொஞ்சமா அவ கையால தின்னப் பழக்குறேன். அதப் பத்தி உங்ககிட்ட கேப்பேன். எல்லாரு முன்னாடியும் மட்டும் அவளப் பேச வேண்டாம்." சாப்பாட்டையும் பேச்சையும் தனித்தனியாக வைத்துவிட்டீர்கள். ஒன்றை விட்டுக்கொடுத்ததால் மற்றது போகாது.

பழக்குவதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள், வெறும் வாய்ப்பேச்சாக வேண்டாம். கைப்பிடி அளவு பிசைந்த சோறு, அல்லது ஒரு வெள்ளைப் பணியாரம், அவள் தட்டில். தரை அழுக்காவதைப் பார்க்காதீர்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை ஊட்டாதீர்கள். பந்தியில் அவள் பாதி சிந்தினாலும் அயித்தை பக்கத்தில் உட்கார வையுங்கள். பணியாரத்தை அவர்கள் கையாலேயே அவள் இலையில் வைக்கச் சொல்லுங்கள்.