போர்ட் மூடியிருக்கிறதா, முகவரியே உங்களுடையது இல்லையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேமரா பற்றியவை. மாங்காய்ப் பருவம் வந்தால் தோப்புக்காரர்களுக்குத் தூக்கம் வராது என்பது தெரியும். அதற்காக எல்லோரும் ஒரே வாரத்தில் எழுத வேண்டுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி மண்டிக்காரர்: கைபேசியில் கேமரா பார்க்க நிலையான ஐ.பி. முகவரி கட்டாயமா?

இல்லை. டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டியைச் செய்த நிறுவனத்தின் செயலியில் கருவியின் கியூ.ஆர். குறியீட்டைச் சேர்த்துவிட்டால், டி.வி.ஆர். தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுக்கொள்ளும். உங்கள் கைபேசியும் அங்கேயே வந்து சேரும். போர்ட் என்பது வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் இருக்கும் எண்ணிட்ட கதவு; எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. மண்டிக்கு இதுவே போதும்.

காவேரிப்பட்டினம் வாசகர்: தோப்பு வீட்டில் எட்டு கேமரா. பொருத்தியவர் போர்ட் ஃபார்வர்டு செய்துவிட்டேன் என்கிறார், வெளியிலிருந்து திறக்கவில்லை. "நெட்காரர் போர்ட்டை பிளாக் செய்திருக்கிறார், நிலையான ஐ.பி. வாங்குங்கள்" என்கிறார். வாங்கலாமா?

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! எது திறக்காவிட்டாலும் "போர்ட் பிளாக்". சோதித்துப் பார்த்தாரா என்று கேட்டால் பதில் இருக்காது.

காசு கட்டுவதற்கு முன் இரண்டு நிமிட வேலை. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து `WAN` என்ற இடத்தில் இருக்கும் முகவரியை ஒரு தாளில் எழுதுங்கள். அதே வைஃபையில் இருந்தபடி, "என் ஐ.பி. என்ன" என்று காட்டும் ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, அது காட்டும் முகவரியையும் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றானால் முகவரி உங்களுடையது. நீங்கள் அனுப்பிய படத்தில் ரவுட்டர் 100.81 என்று தொடங்குகிறது. இணையப் பக்கத்தில் இருப்பதோ முற்றிலும் வேறு எண். அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது.

முதல் எண் 100, இரண்டாவது எண் 64 முதல் 127-க்குள் என்றால், அது இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்க 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி. பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். சி.ஜி.நாட் என்பது இதுதான். லாட்ஜில் எல்லா அறைக்கும் வரவேற்பறையின் ஒரே தொலைபேசி எண் இருப்பதைப் போல. அறையிலிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் எந்த அறைக்கு என்று வரவேற்பறைக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் என்ன ஃபார்வர்டு செய்தாலும், அழைப்பு அதுவரை வந்தால்தானே? முகவரி மாறினாலும் மாறாத டி.டி.என்.எஸ். பெயர் ஒன்றை வைத்தாலும் அது வரவேற்பறையைத்தான் காட்டும்.

`WAN`-இல் 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். 192.168 என்று தொடங்கினால் குற்றவாளி பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறார்: ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டராக ஓட, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய இன்னொரு ரவுட்டரும் ஓடுகிறது. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, மறுபடி பாருங்கள்.

உண்மையிலேயே போர்ட் மூடியிருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் விதம் வேறு. இரண்டு முகவரியும் ஒன்றாக இருந்து, வெளிப் போர்ட் 80 மட்டும் திறக்கவில்லை என்றால் சந்தேகப்படலாம்; வீட்டு இணைப்புகளில் 80, 25, 445 போன்றவற்றைச் சில நிறுவனங்கள் மூடிவைப்பது வழக்கம். அப்போது வெளியே 8085, உள்ளே டி.வி.ஆரின் 80 என்று மாற்றி எழுதுங்கள். வெளி எண்ணும் உள் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 8085 திறந்து 80 திறக்காவிட்டால் அப்போது சொல்லுங்கள் "பிளாக்" என்று, நானும் ஒப்புக்கொள்கிறேன். சோதனையை வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். வீட்டுக்குள் இருந்தபடி வெளி முகவரியைத் திறந்தால் பல ரவுட்டர்கள் திருப்பிவிடாது. சரியாக இருப்பதையும் தப்பு என்று காட்டும்.

ஆக உங்களுக்கு: தோப்பை எட்டிப் பார்க்க மட்டும்தான் என்றால் செயலி போதும், ஐ.பி. வாங்க வேண்டாம். வேறொரு பதிவுக் கருவியோ மென்பொருளோ நேராக இணைய வேண்டும் என்றால்தான் செலவு.

ஓசூரிலிருந்து: எந்தத் திட்டத்தில் வெளியிலிருந்து கேமரா பார்க்கலாம்? 300 எம்.பி. திட்டம் எடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. 40 எம்.பி.பி.எஸ். திட்டமும் 300 திட்டமும் ஒரே சி.ஜி.நாட் பின்னால் இருக்கலாம். வேகத்தைக் கேட்காதீர்கள், இதைக் கேளுங்கள்: எனக்குத் தனிப் பொது ஐ.பி. உண்டா, அது நிலையானதா மாறுவதா, உள்ளே வரும் போர்ட்களில் எவை மூடியிருக்கின்றன? சில நிறுவனங்கள் வீட்டுத் திட்டத்தின் மேலேயே தனிக் கட்டணத்தில் நிலையான ஐ.பி. தருகின்றன, சில, வணிகத் திட்டத்துக்கு மாறினால்தான் தரும். விலை சொல்லும்போது அதன் மேல் 18 சதவீத வரியும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் கேபிள்காரர் "எல்லாம் வரும் சார்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மாறும் பொது ஐ.பி. கிடைத்தால் டி.டி.என்.எஸ். வைத்துச் சமாளிக்கலாம், நிலையானதற்குப் பணம் வேண்டியதில்லை.

அப்லோடு வேகத்தையும் பாருங்கள். இரண்டு மெகாபிக்சல் கேமரா முழுத் தெளிவில் ஏறக்குறைய இரண்டு எம்.பி.பி.எஸ். கேட்கும். நான்கு கேமராவுக்கு எட்டு. தெளிவு குறைந்த துணை ஸ்ட்ரீமில் பார்த்தால் எல்லாம் சேர்ந்து இரண்டுக்குள் அடங்கும்.

"நெட் நன்றாக வருகிறது, கேமரா வெளியில் தெரியவில்லை. உடனே தீர்வு சொல்லவும்." (அரூர்)

எந்த டி.வி.ஆர்.? `WAN` முகவரி என்ன? செயலியிலா, பிரௌசரிலா? கைரேகை ஜோசியம் எனக்குத் தெரியாது. மேலே உள்ளதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பர்கூர் வாசகர்: நிலையான ஐ.பி. பணம் கட்டி மூன்று நாளாகிறது. முகவரி மாறவில்லை.

ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா? பழைய இணைப்பு துண்டிக்கப்பட்டு மறுபடி உள்நுழையும்போதுதான் பல இடங்களில் புதிய முகவரி வரும். பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். அப்படியும் 100-இல் தொடங்கினால், உங்கள் பயனர் பெயரில் ஐ.பி. இன்னும் ஏற்றப்படவில்லை, ரசீதோடு பேசுங்கள்.

தர்மபுரியிலிருந்து: ஃபார்வர்டு குழப்பம் வேண்டாம் என்று டி.வி.ஆரை `DMZ`-இல் போட்டுக் கொடுத்துவிட்டார். எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. சரிதானே?

சரியில்லை. `DMZ` என்றால் எல்லாப் போர்ட்டையும் அந்த ஒரு கருவிக்குத் திறந்துவிடுவது. வாசல், கொல்லை, ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் காற்று நன்றாக வருகிறது என்கிறீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்ததே, கடைக்காரர் மாற்றாமல் விட்ட கடவுச்சொல்லை வைத்துத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் அப்படிப் பிடிபட்ட கருவிகள் நடத்திய தாக்குதலில் பெரிய பெரிய தளங்கள் பல மணி நேரம் முடங்கின. இன்றைக்கே `DMZ`-ஐயும், கருவிகள் தாமே போர்ட் திறந்துகொள்ள விடும் `UPnP`-ஐயும் அணையுங்கள். `admin` கடவுச்சொல்லை மாற்றுங்கள், டி.வி.ஆரின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்: டி.வி.ஆர். போர்ட்டை உலகத்துக்குத் திறக்காதீர்கள். ரவுட்டரில் வயர்கார்டு வி.பி.என். வசதி இருந்தால் 51820 என்ற ஒரே யு.டி.பி. போர்ட்டைத் திறந்து, அதன் வழியாக உள்ளே போங்கள். சரியான சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது.

தேன்கனிக்கோட்டை: தோப்பில் சிம் ரவுட்டர்தான். போர்ட் திறக்க வழி உண்டா?

சிம்மில் பெரும்பாலும் சி.ஜி.நாட்தான், கிடையாது. செயலியில் பாருங்கள். துணை ஸ்ட்ரீம் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அன்றாட டேட்டா மாலைக்குள் தீர்ந்து, யானை வரும் நேரத்தில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.